முதலில் பிழையைக் குறைப்போம்; வேகம் தானாக வரும்
தட்டெழுத்து, சுருக்கெழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாளாந்தப் பயிற்சி ஒழுங்கு

தட்டெழுத்தாளர், சுருக்கெழுத்தாளர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானியில் அறிவித்தல் வந்துவிட்டால், தம்பலகாமத்தில் நான் சந்திக்கும் யுவதிகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "நிமிசத்துக்கு எத்தனை சொல்லு அடிக்க வேணும் அக்கா?"

கேள்வி சரிதான். ஆனால் அது பாதிக் கேள்வி. "எத்தனை பிழை வரை விடுவார்கள்?" என்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியைக் கேட்காமல் பயிற்சி எடுத்த பிள்ளைகள்தான் செயன்முறைப் பரீட்சையில் அதிகமாகத் தவறுகிறார்கள் என்பதை என் வேலையில் பல தடவை கண்டிருக்கிறேன். அப்படித் தவறி, மறுபடி ஆயத்தமான ஒரு சகோதரியின் பயிற்சிக் கொப்பியை வைத்துக்கொண்டே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் குடும்பம். க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் முறையாகப் படித்து முடித்தவர். முதல் முறை பரீட்சைக்குப் போய் வந்தபோது வயது 27. விண்ணப்பிப்பதற்கான வயதெல்லை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரம். "நான் வேகமாத்தானே அக்கா அடிச்சன், ஏன் எடுபடல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் பகுதியில் இந்தத் தொழிலுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்படுவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1988 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் செய்யப்பட்ட 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் நீதிமன்றப் பதிவு மொழியும் தமிழ். ஆகவே திருகோணமலை நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தமிழில் சொல்வதைக் கேட்டு எழுதி, பிழையில்லாமல் அச்சாக்கித் தரும் ஆள் வேண்டும். சாட்சி சொன்ன ஒரு சொல் மாறினால் வழக்கின் பொருளே மாறிவிடக்கூடும். பரீட்சையில் பிழைக்கு இவ்வளவு கடுமை காட்டுவது அதனால்தான்.

வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தட்டெழுத்தில் "சொல்" என்பது நாம் பேசும் சொல் அல்ல. பொதுவான கணக்கில் ஐந்து தட்டுக்கள் சேர்ந்தது ஒரு சொல். இடைவெளியும் ஒரு தட்டு. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் தட்டச்சுத் தேர்வை உதாரணமாகப் பாருங்கள். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். வேகத் தாள் பத்து நிமிடம். அப்படியென்றால் இளநிலைக்கு 1500 தட்டு, முதுநிலைக்கு 2250 தட்டு. நமது பதவிகளுக்கான வேகம் அந்தந்த அறிவித்தலிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை முதலில் தட்டுக் கணக்காக மாற்றிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், நமது சொற்கள் நீளமானவை. பாமினி ஒழுங்கில் "தமிழ்" என்று அடிக்க ஐந்து தட்டு வேண்டும். விசைகள் இவை: `jkpo;`. "தம்பலகாமம்" என்று அடிக்கப் பத்துத் தட்டு வேண்டும்: `jk;gyfhkk;`. அதாவது எங்கள் ஊரின் பெயர் ஒன்றே பரீட்சைக் கணக்கில் இரண்டு சொல்.

முதல் நாள் அளவு

அந்தச் சகோதரியை முதல் நாள் பத்து நிமிடம் அடிக்கச் சொன்னோம். அவர் வழக்கம்போல் விரைவாகவே அடித்தார். 1750 தட்டு. ஐந்தால் பிரித்தால் 350 சொல். நிமிடத்துக்கு 35. கேட்க நல்ல வேகம். ஆனால் சிவப்புப் பேனையால் திருத்தியபோது 31 பிழை. நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது.

பிழைகளை எண்ணியதோடு விடாமல் அவற்றை இனம் பிரித்தோம். இந்தப் பயிற்சியில் முக்கியமான வேலை இதுதான். கொப்பியில் நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு பிழையையும் அதற்குரிய கட்டத்தில் கோடு போட்டுக் குறித்தார். புள்ளி விடுபட்டது அல்லது இருமுறை விழுந்தது 14. "கு" அடிக்க வேண்டிய இடத்தில் "க", "து" அடிக்க வேண்டிய இடத்தில் "த" என்று வந்தவை 8. பக்கத்து எழுத்துக்கள் இடம் மாறியவை 5. சொல்லை முழுதாகத் தாண்டிப் போனவை 4.

31 பிழையும் சிதறிக் கிடக்கவில்லை. முக்கால் பங்குக்கு நெருக்கமாக, முதல் இரண்டு கட்டத்திலேயே 22 விழுந்திருந்தன. அதற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு அல்ல, விசைப்பலகைதான்.

சின்ன விரலின் கதை

பாமினி ஒழுங்கில் புள்ளியின் இடம் வலது கைச் சின்ன விரலுக்குக் கீழே. "ி" என்ற விசிறியும் அதே சின்ன விரல் மேல் வரிக்குப் போய்த் தட்ட வேண்டியது. விரல்களில் பலம் குறைந்தது சின்ன விரல். தமிழிலோ புள்ளி வராத சொல் அரிது. "தம்பலகாமம்" என்பதையே பாருங்கள். பத்துத் தட்டில் எட்டு வலது கைக்குப் போகிறது. அதில் இரண்டு சின்ன விரலுக்கு.

"கு", "பு", "து", "மு", "டு" போன்ற உகர எழுத்துக்கள் மாற்று விசையை அழுத்திக்கொண்டு அடிக்கப்படுபவை. "கு", "பு" இரண்டும் இடது கை எழுத்துக்கள் என்பதால் மாற்று விசையை வலது சின்ன விரல் பிடிக்க வேண்டும். "து", "மு", "டு" வலது கை எழுத்துக்கள் என்பதால் இடது சின்ன விரல் பிடிக்க வேண்டும். பல பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்து மாற்று விசையையே பாவிக்கிறார்கள். அப்போது கை தன் இடத்தை விட்டு எழும்பிவிடும். திரும்பி வந்து அமரும்போது ஒரு விசை தள்ளி அமரும். அடுத்த இரண்டு மூன்று எழுத்தும் பிழைக்கும். ஒரே இடத்தில் கொத்தாகப் பிழை விழுந்திருந்தால், அதற்கு முன் ஓர் உகர எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

எனவே முதல் இரண்டு வாரம் அந்தச் சகோதரி பந்தி அடிக்கவேயில்லை. தினமும் பத்து நிமிடம் புள்ளிச் சொற்கள்: பக்கம், அப்பம், பட்டம், சத்தம், அம்மம்மா. அடுத்த பத்து நிமிடம் உகரச் சொற்கள்: குடும்பம், புதுமை, முடிவு, துணுக்கு. ஒவ்வொரு சொல்லையும் ஒரு வரி. வரியில் ஒரு பிழை வந்தால் அந்த வரியைத் திரும்ப அடிப்பார். வரியில் பிழை வரவில்லை என்றால் அடுத்த சொல்.

சுவர்க் கடிகாரத்தின் துணை

வேகத்தைக் கட்டுப்படுத்த நாங்கள் பாவித்தது வீட்டுச் சுவர்க் கடிகாரம். அதன் "டிக்" ஒரு விநாடிக்கு ஒன்று. ஒரு டிக்குக்கு இரண்டு தட்டு அடித்தால் நிமிடத்துக்கு 120 தட்டு, அதாவது 24 சொல். இரண்டு டிக்குக்கு ஐந்து தட்டு அடித்தால் 30 சொல். ஒரு டிக்குக்கு மூன்று தட்டு அடித்தால் 36 சொல்.

35 அடித்துப் பழகியவருக்கு 24 இல் அடிப்பது பெரிய வதை. "கை அரிக்குது அக்கா" என்றார். ஆனால் அந்த வேகத்தில்தான் ஒரு விடயம் தெரிந்தது. சுலபமான எழுத்துக்களை அவர் மிக விரைவாக அடித்துவிட்டு, புள்ளி வரும் இடத்தில் தடுமாறி நிற்பார். பிறகு இழந்த நேரத்தைப் பிடிக்க மறுபடி ஓடுவார். காதால் கேட்டாலே தெரியும், பாய்ந்து பாய்ந்து ஓடும் சத்தம். சீராக அடிப்பவரின் தட்டு மழைத்துளி போல ஒரே இடைவெளியில் விழும். அருகில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்த இடத்தில் தடங்கல் என்று சொல்லிவிடலாம்.

படி ஏறுவதற்கு ஒரே விதியை வைத்தோம். ஐந்து நிமிடம் அடித்து, பிழை மூன்றுக்கு மேல் போகக்கூடாது. தொடர்ந்து மூன்று நாள் அப்படி வந்தால் நிமிடத்துக்கு இரண்டு சொல் கூட்டலாம். ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் ஒரு படி இறங்க வேண்டும். இறங்குவதற்கு வெட்கப்படத் தேவையில்லை; கொப்பியில் அவருக்கு அப்படி நான்கு இறக்கம் இருக்கிறது.

ஆறாவது வார முடிவில் 30 சொல்லில் நின்றார். பிறகு மூன்று வாரம் 31, 32 என்று அதே இடத்திலேயே சுற்றினார். இந்தத் தேக்கம் எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் இன்னும் அதிக நேரம் அடிப்பதால் பயன் குறைவு. காரணத்தைத் தேட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தபோது, ஒவ்வொரு வரி முடிவிலும் அவருடைய கண் திரைக்குப் போய் வருவது தெரிந்தது. போய் வரும் ஒவ்வொரு தடவையும் தாளில் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருந்தது. சொல்லைத் தாண்டிப் போகும் பிழைக்கும் அதுதான் காரணம். திரையைக் கைலேஞ்சியால் மூடிவிட்டு ஒரு நிமிடப் பயிற்சிகள் செய்தார். தாளை இடது பக்கம் சாய்த்து வைத்து, அடிக்கும் சொல்லுக்கு அடுத்த சொல்லைக் கண் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார். தேக்கம் பத்து நாளில் விட்டது.

பதினான்காவது வாரம் மறுபடியும் அதே பத்து நிமிட அளவு. 1800 தட்டு, நிமிடத்துக்கு 36 சொல். பிழை 6. முதல் நாள் வேகத்தோடு ஒப்பிட்டால் கூடியது ஒரே ஒரு சொல். பிழையோ ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. நூற்றுக்கு ஒன்பதாக இருந்தது இரண்டுக்கும் கீழே வந்தது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு மூன்றரை மாதத்தில் ஒரு சொல்தான் முன்னேற்றம். பரீட்சகரின் பேனைக்கு அது தோல்விக்கும் சித்திக்கும் உள்ள தூரம்.

சுருக்கெழுத்தில் உண்மையான பரீட்சை எது?

சுருக்கெழுத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சொல்வதை விரைவாக எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். திருத்தப்படுவதோ நாம் பின்னர் பெயர்த்து அடித்துக் கொடுக்கும் தாள்.

இந்திய மத்திய அரசின் பணியாளர் தெரிவு ஆணைக்குழு நடத்தும் சுருக்கெழுத்தாளர் "டி" தரப் பரீட்சை இதை நன்றாகக் காட்டும். நிமிடத்துக்கு 80 சொல் வீதம் பத்து நிமிடம் வாசிப்பார்கள். மொத்தம் 800 சொல். அதைப் பெயர்த்து அடிக்க ஆங்கிலத்துக்கு 50 நிமிடமும் ஹிந்திக்கு 65 நிமிடமும் கொடுக்கிறார்கள். 800 சொல்லை 50 நிமிடத்தில் அடிக்க நிமிடத்துக்கு 16 சொல் போதும். தட்டெழுத்து கற்ற எவருக்கும் அது மெதுவான வேகம். அப்படியிருந்தும் பலர் தவறுவது ஏன்? தாங்கள் எழுதிய குறிப்பைத் தாங்களே வாசிக்க முடியாமல் போவதால்தான்.

அந்தப் பரீட்சையில் பிழையை இரண்டு வகையாக எண்ணுகிறார்கள். சொல்லை விட்டுவிடுவது, வேறு சொல் போடுவது, இல்லாத சொல்லைச் சேர்ப்பது ஆகியவை முழுப் பிழை. எழுத்துப் பிழை, ஒருமை பன்மை மாறுவது போன்றவை அரைப் பிழை. வீட்டுப் பயிற்சியைத் திருத்த இது நல்ல அளவுகோல். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம்.

குறிப்பை வாசிக்க முடியாமல் போவது எப்படி?

நமது சுருக்கெழுத்துக்கு அடிப்படையான முறையை ஐசக் பிட்மன் 1837 இல் வெளியிட்டார். ஒலிக்குக் கோடு. கோட்டின் நீளம், தடிப்பு, அது வரிக்கு மேலே இருக்கிறதா, வரியில் இருக்கிறதா, வரியை வெட்டிக்கொண்டு போகிறதா என்ற இடம், எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. விரைவாக எழுதும்போது உயிர் ஒலிகளை விட்டுவிடுவோம். இடத்தை வைத்தே உயிர் ஒலியை ஊகிப்போம். ஆங்கிலத்தில் "டோக்" (பேச்சு), "டேக்" (எடு), "டீக்" (தேக்கு) மூன்றுக்கும் கோடுகள் ஒன்றே. முதலாவது வரிக்கு மேலே, இரண்டாவது வரியில், மூன்றாவது வரியை வெட்டி. கை அவசரப்பட்டு எல்லாவற்றையும் வரியிலேயே எழுதிவிட்டால் பேச்சும் தேக்கும் ஒன்றாகிவிடும்.

தமிழிலும் இதே ஆபத்து உண்டு. உயிர் ஒலியை எடுத்துவிட்டால் படம், பாடம், பீடம் மூன்றுக்கும் மிஞ்சுவது ஒரே மெய்கள்தான். இப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் உயிர்க் குறியைக் கட்டாயம் போடப் பழக வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் போட்டால் வேகம் போய்விடும். எதற்குமே போடாவிட்டால் பொருள் போய்விடும். ஆகவே உங்களைக் குழப்பிய சோடிகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் பட்டியலாக எழுதி வைத்து, அவற்றுக்கு மட்டும் குறி போடுங்கள்.

அந்தச் சகோதரியின் முதல் சுருக்கெழுத்து அளவு நிமிடத்துக்கு 60 சொல், ஐந்து நிமிடம், மொத்தம் 300 சொல். பெயர்த்ததில் முழுப் பிழை 18, அரைப் பிழை 12. அரைப் பிழை பன்னிரண்டை ஆறு முழுப் பிழையாகக் கணக்கிட்டால் மொத்தம் 24. நூற்றுக்கு எட்டு.

முழுப் பிழை பதினெட்டில் ஒன்பது விடுபட்ட சொற்கள். அவற்றில் ஆறு ஒரே இடத்தில், நான்காவது நிமிடத்தில் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டேன். "சுற்றுநிருபம் எண்டு வந்தது அக்கா. அதை எப்படி எழுதிறது எண்டு யோசிச்சன், அதுக்குள்ள அவன் வாசிச்சிட்டுப் போயிட்டான்." ஒரு சொல்லில் யோசித்ததற்கு விலை ஆறு சொல்.

இதற்கு இரண்டு மருந்து. முதலாவது, அலுவலகச் சொற்களை யோசிக்காமல் எழுதும் அளவுக்குக் கைக்குப் பழக்குவது. தினமும் பத்துச் சொல்: சுற்றுநிருபம், பிரதேச செயலாளர், இடமாற்றம், ஓய்வூதியம், முற்பணம், வழக்காளி, எதிராளி, மனுதாரர், சத்தியக்கடதாசி, ஒத்திவைப்பு. ஒவ்வொன்றின் வடிவத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து ஒரு வரி எழுதுவது. பிறகு வீட்டில் யாராவது அவற்றை ஒழுங்கு மாற்றிச் சொல்ல, தாமதமின்றி எழுதுவது. பிழையான வடிவத்தை நூறு தரம் எழுதினால் பிழைதான் உறுதிப்படும். அதனால்தான் முதலில் சரிபார்ப்பு.

இரண்டாவது, தெரியாத சொல் வந்தால் நிற்காமல் இருப்பது. ஓர் இடைவெளி விட்டு, சிறு வட்டம் போட்டு, அடுத்த சொல்லுக்குப் போய்விட வேண்டும். வசனம் முடிந்ததும் அந்த இடத்தில் என்ன சொல் வர வேண்டும் என்று பெரும்பாலும் பொருளே சொல்லிவிடும். ஒரு சொல் போனால் ஒரு பிழை. நின்றால் ஆறு.

வீட்டில் வாசித்துக் கொடுப்பது

சுருக்கெழுத்துக்கு இன்னொருவர் வேண்டும். இங்கே அவருடைய தம்பி, பத்தாம் வகுப்பு. பந்தியை முன்கூட்டியே எடுத்து, 60 சொல் வேகத்துக்கு ஒவ்வொரு 15 சொல்லுக்கும் ஒரு சாய்கோடு போட்டுக் கொடுப்போம். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 15 விநாடி. 80 சொல் வேகத்துக்கு 20 சொல்லுக்கு ஒரு கோடு. கைத்தொலைபேசியின் விநாடியைப் பார்த்துக்கொண்டு தம்பி வாசிப்பார். கோடு போடாமல் வாசித்தால் சுலபமான இடத்தில் ஓடுவார்கள், கடினமான இடத்தில் நிற்பார்கள். எழுதுபவருக்குத் தன் வேகம் என்னவென்றே தெரியாது.

வாசிக்கப் பத்திரிகை ஆசிரியத் தலையங்கம் நல்லது. பாராளுமன்றத்தின் ஹன்சார்ட் அறிக்கை இன்னும் நல்லது. உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அதில் அச்சிடப்படுகிறது. ஆகவே தமிழ் உரைகளைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அரச நிர்வாகச் சொற்கள் அதில் நிறைய வரும்.

ஒரு பந்தியை மூன்று தடவை எழுதினார். முதல் தடவை தனக்கு வசதியான வேகம். இரண்டாவது தடவை அதற்குமேல் பத்துச் சொல். மூன்றாவது தடவை இன்னும் பத்து. மூன்றாவதில் கை திணறும், அது பரவாயில்லை. பிறகு புதிய பந்தியை இரண்டாவது வேகத்தில் எழுத வேண்டும். படி ஏறுவதா இல்லையா என்பதை அந்தப் புதிய பந்திதான் முடிவு செய்யும். பழகிய பந்தியில் வரும் வேகம் நினைவின் வேகம். அதை நம்பக்கூடாது. புதிய பந்தியில் பிழை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே மூன்று நாள் வந்தால் ஐந்து சொல் கூட்டினோம்.

எழுதிய அன்றே பெயர்ப்பதோடு, முதல் நாள் குறிப்பில் ஒரு பக்கத்தை மறுநாள் காலையில் வாசிப்பதும் கட்டாயம். அன்றே வாசிக்கும்போது காதில் மிஞ்சியிருக்கும் குரல் உதவி செய்துவிடும். மறுநாள் அந்தக் குரல் இருக்காது. கோடு மட்டுமே பேசும். மறுநாள் வாசிக்க முடியாத வடிவங்களைச் சுற்றி வட்டம் போட்டால், எந்தக் கோட்டின் நீளம் தவறுகிறது, எது இடம் தவறுகிறது என்று ஒரு வாரத்தில் தெளிவாகிவிடும்.

பெயர்க்கும் நேரத்தையும் பிரித்துப் பழகினார். 50 நிமிடம் இருந்தால் முதல் பத்து நிமிடம் அடிக்கவே கூடாது. குறிப்பு முழுவதையும் பென்சிலோடு வாசித்து, வட்டங்களை நிரப்பி, வசனம் முடியும் இடங்களைக் குறிக்க வேண்டும். அடுத்த 30 நிமிடம் அடிப்பதற்கு. 800 சொல்லை 30 நிமிடத்தில் அடிக்க நிமிடத்துக்கு 27 சொல் வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு.

மொத்தத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். காலையில் சுருக்கெழுத்து, மாலையில் தட்டெழுத்து. அறுவடைக் காலத்தில் பாதியாகக் குறைந்தது. ஆனால் முற்றாக நின்ற நாட்கள் சிலவே. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டு எழும்பி நடப்பார். மணிக்கட்டில் வலியோ விரலில் விறைப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியோடு அடித்தால் கை தவறான நிலைக்குப் பழகிவிடும். பதினாறாவது வாரம் புதிய பந்தி ஒன்றில் 80 சொல் வேகத்தில் 400 சொல் எழுதினார். முழுப் பிழை 9, அரைப் பிழை 8. மொத்தம் 13. நூற்றுக்கு மூன்றேகால்.

மண்டபத்துக்குப் போகுமுன்

சில விடயங்களை எந்தப் பயிற்சியாலும் ஈடுசெய்ய முடியாது. முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பரீட்சை மண்டபத்தில் எந்த விசைப்பலகை ஒழுங்கு என்பது முதலாவது. பழைய பாமினி எழுத்துருவில் "கெ" என்று அடிக்கக் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிக்கிறோம். எழுத்தை முதலில் அடித்துக் கொம்பைப் பின்னால் அடிக்கும் ஒழுங்குகளும் உண்டு. கைக்குப் பழகியது ஒன்று, மண்டபத்தில் இருப்பது மற்றொன்று என்றால் பதினான்கு வார உழைப்பும் பத்து நிமிடத்தில் போய்விடும். அழைப்புக் கடிதம் வந்தவுடன் அதில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள். அடித்ததை அழித்துத் திருத்த அனுமதி உண்டா, பிழைக்குக் கழிவு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அழித்துத் திருத்த அனுமதி இல்லையென்றால், கடைசி மூன்று வாரமும் அழிக்கும் விசையைத் தொடாமலே பழக வேண்டும்.

மற்றது வாசிப்பவரின் குரல். தம்பியின் குரலுக்கு மட்டும் பழகிய காதுக்கு மண்டபத்தில் ஒலிக்கும் அந்நியக் குரல் முதல் நிமிடத்தைக் கெடுத்துவிடும். இந்தச் சகோதரி கடைசி மாதம் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரையும், தமிழைச் சற்று வேறு விதமாக உச்சரிக்கும் ஒரு பெரியவரையும் வாசித்துத் தரச் சொன்னார். வேகத்திலும் ஒரு மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது. 80 கேட்கும் இடத்துக்கு 90 இல் பழகிப் போனால், பதற்றம் பத்தை எடுத்துக்கொண்டாலும் 80 மிஞ்சும்.

அவர் இரண்டாவது தடவை செயன்முறைப் பரீட்சையில் சித்தியடைந்தார். நியமனம் என்பது அதோடு முடிவதில்லை. நேர்முகத் தேர்வு இருக்கிறது, புள்ளிப் பட்டியல் இருக்கிறது, வெற்றிடங்கள் சில மட்டுமே இருக்கின்றன. அவர் இப்போது பட்டியலுக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கும் காலத்திலும் தினமும் அரை மணித்தியாலம் புதிய பந்தி ஒன்றை எழுதிப் பெயர்க்கிறார். சுருக்கெழுத்துக் கை இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்தால் இருபது சொல் இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த அறிவித்தல் வருமுன் பயிற்சி தொடங்க நினைக்கும் சகோதரிகள், இன்று மாலை செய்ய வேண்டியது இதுதான். பத்து நிமிடம் உங்கள் வழக்கமான வேகத்தில் அடியுங்கள். பிழைகளை எண்ணுங்கள். நான்கு கட்டம் போட்டுப் பிரியுங்கள். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதோ, நாளைய முதல் இருபது நிமிடம் அதற்குரியது.